பச்சைப் புள்ளி இல்லாத பிளக்

மற்ற பெண்கள் புருஷன் சட்டையை முகர்ந்து பார்ப்பார்கள். இன்ஜினக்கா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள்.

சட்டையை முகர்ந்தும் பயனில்லை. அவள் வீட்டுக்காரர் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். எந்த நாளும், எந்தச் சட்டையும், வெண்ணெயும் வெனிலாவும் மணக்கும். அதற்குள் வேறு எந்த வாசனை ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பிளக் அப்படியில்லை. இன்ஜினுக்குள் நெருப்போடு இருந்துவிட்டு வருகிற சாமான் அது. வெளியே வந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடும். இன்ஜினக்கா அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இன்ஜினக்கா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவளுடையது. வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். மீதிப் பாதிக்கு ஒரு ஸ்டூல் வைத்திருந்தாள். வண்டிக்காரரை அதில் உட்கார வைத்து, "சொல்லுங்க, என்ன பண்ணுது? எப்ப பண்ணுது?" என்று கேட்பாள். அவர் சொல்லி முடித்ததும் "வேற?" என்பாள். அந்த "வேற?"வுக்கு வருகிற பதிலில்தான் பெரும்பாலும் விஷயமே இருக்கும். தொழிலில் அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தான் மாட்டுகிற ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பச்சை பெயின்டில் ஒரு பொட்டு வைப்பாள். நாளைக்கு எந்த வண்டி திரும்பி வந்தாலும், இது நம் கை பட்டதா, வேறு கை பட்டதா என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்காரரின் பழைய பெட்ரோல் கார் முதல் தடவை குலுக்கியபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக்கைக் கழற்றினாள். நாலும் கன்னங்கரேல். விரலால் தொட்டால் மாவு போல ஒட்டுகிற காய்ந்த கரி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பெட்ரோல் அதிகமாகப் போய், காற்று போதாமல், எரிந்தும் எரியாமல் படிந்த கரி அது. ஏர் ஃபில்டரைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சென்சார்களைப் பார்த்தாள், ஒழுங்காக இருந்தன. புது பிளக் நாலு போட்டு, பச்சைப் பொட்டு வைத்து, வண்டியைத் தந்துவிட்டாள்.

கொஞ்ச நாளிலேயே மறுபடியும் குலுக்கல். மறுபடியும் கரி. சுத்தம் செய்து மாட்டினாள். அப்புறமும் அதே கதை.

அப்போதுதான் அவள் மூளையில் ஒரு சந்தேகப் பூச்சி நுழைந்தது.

பிளக் சூடானால் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நன்றாக ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராகப் போனால் போதும், கரி போய் பிளக் மூக்கு இளம்பழுப்பாக வந்துவிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறுவதற்குள் அணைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணி மறுபடி அணைத்தால்தான் கரி சேர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்கக் காரில் போகிறவர்களின் பிளக் அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் போவது பக்கத்துத் தெருவுக்கா? நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம் அந்த பிஸ்கட் கம்பெனி. தினமும் போகிறேன் என்கிறார். தினமும் வருகிறேன் என்கிறார்.

"இன்னிக்கு ரோடு எப்படி இருந்துச்சு?" என்று ஒருநாள் சாப்பாடு போட்டபடி கேட்டாள்.

"எந்த ரோடு?"

"நீங்க போற ரோடுதான். ஹைவே."

"அதுவா... எப்பவும் போலதான்." அவர் தண்ணீரை எடுத்து முழு டம்ளரையும் குடித்தார். தாகமில்லாமல் குடிக்கிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

அன்றைக்கே அவளுக்குப் பாதி வயிறு எரிந்துவிட்டது. மீதிப் பாதியை ஒர்க்‌ஷாப் பெயின்டர் எரித்து வைத்தான். அவனுக்கு வாயில் பூட்டு கிடையாது.

"அக்கா, மாமா வண்டியை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பார்த்தேன்."

"எப்ப?"

"காலைல. பார்க்கிங்ல நின்னுச்சு. மாமா ஒரு நீலக் கார்ல ஏறிப் போனாரு." ஒரு கார் கதவில் பட்டி தேய்ப்பதை நிறுத்தாமலே சேர்த்துக்கொண்டான். "ஒரு மேடம் ஓட்டுனாங்க. கண்ணாடி போட்டிருந்தாங்க. நல்லா ஓட்டுனாங்க."

நல்லா ஓட்டினாங்களாம்! அது ஒன்றுதான் குறைச்சல். இன்ஜினக்காவுக்கு அந்தக் கண்ணாடிக்காரியை அங்கேயே பிடித்து, கிளட்சை எப்படி மிதிக்கிறாய் காட்டு பார்க்கலாம் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. இந்த வீட்டில் நன்றாக வண்டி ஓட்டுகிறவள் யார் என்பது உலகத்துக்கே தெரியும். அந்த மனுஷனுக்கு கியர் போடக் கற்றுக் கொடுத்ததே அவள்தான்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் கிளம்பியதும், அவளும் ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஸ்டேஷன் என்ன காததூரமா, ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். அவள் டீக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றபோது, அவர் காரைப் பார்க்கிங்கில் நிறுத்தி, கதவைச் சாத்தி, அதன் தலையில் லேசாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீலக் கார் வந்தது. கண்ணாடிக்காரி சிரித்தாள். இவரும் சிரித்தார். பின்சீட்டில் இன்னும் இரண்டு பேர் பைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததை இன்ஜினக்கா பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டாள். கோபமாக இருக்கிறவர்களுக்கு வேண்டியது மட்டும்தான் கண்ணில் தங்கும்.

நீலக் கார் போய்விட்டது. அவள் பையில் மாற்றுச் சாவி இருந்தது, பிளக் ஸ்பேனரும் இருந்தது. அழுவதற்குக் கைக்குட்டை எடுத்துவரத் தோன்றவில்லை. ஸ்பேனர் எடுத்துவரத் தோன்றியது. அவள் அப்படிப்பட்டவள்.

போனட்டைத் திறந்தாள். காயிலைக் கழற்றி, முதல் பிளக்கை வெளியே எடுத்தாள். கரி கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்த்தது கரியை அல்ல. பிளக்கின் தலையைத் திருப்பிப் பார்த்தாள், துணியால் துடைத்துப் பார்த்தாள், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

பச்சைப் பொட்டு இல்லை.

இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் நாலாவதிலும் இல்லை. பீங்கானில் அச்சிட்டிருந்த எண்ணும் வேறு. இந்த இன்ஜினுக்கு அவள் போடுகிற பிளக்கை விட ஒரு படி அதிகம் சூடாகிற ரகம். கரி படியாமல் தப்பிக்க யாரோ செய்திருக்கிற குறுக்கு வழி. ஊருக்குள் ஓட்டினால் சமாளிக்கும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு விரட்டினால் பிளக் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டில் பெட்ரோல் நேரம் வருவதற்கு முன்பே பற்றிக்கொண்டு, பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

இவ்வளவு நாளும் வீட்டுக்காரரின் பக்கத்து சீட்டில் ஒருத்தியை உட்கார வைத்துத்தான் பொருமிக்கொண்டிருந்தாள். இது அதை விட உள்ளே போய்விட்டது. சீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இன்ஜினுக்குள் கை வைக்க அவளைத் தவிர யாருக்கு உரிமை?

ஏர் ஃபில்டர் குழாயின் கிளிப்பைப் பார்த்தாள். திருகு கீழ்ப்பக்கம் பார்த்து இருந்தது. அப்படி மாட்டுகிற ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவன்தான். கழற்றும்போது கை நுழையாது, திருகை மேலே வை என்று அவனிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

லேப்டாப்!

அவளிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் தனியாகக் கடை போட்டவன். எந்த வண்டி வந்தாலும் முதலில் லேப்டாப்பை மாட்டுவான், அதனால் அந்தப் பெயர். அவனுடைய கடையில் தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வெள்ளை, காத்திருக்கிறவர்களுக்கு ஏசி. தன்னுடைய வாடிக்கையாளர் ஒருவர் அந்த ஏசிக்குள் நுழைவதைப் பார்த்தாலே அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இப்போது நுழைந்திருப்பது தாலி கட்டின வாடிக்கையாளர்.

பிளக்கை மாட்டி, காரை ஸ்டார்ட் பண்ணி, நேராக அந்த டைல்ஸ் தரையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

லேப்டாப் காரைப் பார்த்துச் சிரித்தபடி வந்தான். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா... வாங்கக்கா. ஏசில உக்காருங்க."

"உன் ஏசியை நீயே வெச்சுக்க. எத்தனை நாளா நடக்குது இது?"

"எது அக்கா?"

"இதுதான். என் வண்டி உன் கடைக்கு வர்றது."

லேப்டாப் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான். "அண்ணன் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"நல்லது. நான் கேக்கலை. உன் லேப்டாப்பைக் கேக்கறேன். என்ன சொல்லுச்சு?"

"மிக்ஸ்சர் ரிச்சு, பெட்ரோல் அதிகமா போகுதுன்னு ஒரு கோட் காட்டுச்சு. அழிச்சு விட்டேன். திரும்ப வந்துச்சு. திரும்ப அழிச்சேன். அப்புறம்தான் சூடான பிளக் போட்டேன்."

"நீ அழிச்சா நோய் போயிடுமா? ஏன் ரிச்சா போகுதுன்னு பார்த்தியா?"

"நீங்க பார்த்தீங்களா?"

இன்ஜினக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஃபில்டருக்கும் சென்சாருக்கும் மேலே அவள் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அத்தோடு தீர்ப்பு எழுதிவிட்டாள்.

லேப்டாப் குரலைத் தணித்தான். "அண்ணன் சொன்னாருக்கா. ஒருநாள் ஹைவேல பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, ஒரு டீ குடிச்சுட்டு வந்து திருகினா வண்டி எடுக்கவே இல்லையாம். பின்னாடி லாரிக்காரன் ஹாரனா அடிச்சிருக்கான். நாலு பேரு தள்ளித்தான் ஓரம் கட்டியிருக்காங்க. ரொம்ப நேரம் திருகின பிறகு கரும்புகையோட எடுத்துச்சாம். அதுலேர்ந்து பயந்துட்டாரு. காரை ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டு, ஆபீஸ்காரங்களோட சேர்ந்து போறாரு."

சூடான இன்ஜின். கொஞ்ச நேரம் அணைத்து வைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாது. கரும்புகை. இதை எந்த வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருந்தாலும், அவர் வாய் மூடுவதற்குள் இன்ஜினக்கா நோயைச் சொல்லியிருப்பாள். இவ்வளவு முக்கியமான ஒரு சங்கதியை அந்த மனுஷன் இந்தப் பயலிடம் சொல்லியிருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. கண்ணாடிக்காரிமேல் வந்த பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

"ஆயில் குச்சியை எடு" என்றாள்.

எடுத்தான். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. மூக்கருகில் கொண்டுபோனாள். பெட்ரோல் நெடி. எரியாத பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது.

"பிரஷர் கேஜ் இருக்கா? இல்ல அதையும் லேப்டாப்லதான் பார்ப்பியா?"

கேஜ் இருந்தது. பெட்ரோல் லைனில் மாட்டினாள். சாவியைத் திருகியதும் பம்ப் ஓடி முள் ஏறியது. சாவியை அணைத்தாள். முள் அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி ஏற்றி, டாங்கிலிருந்து வரும் குழாயை இறுக்கி நெரித்துவிட்டுப் பார்த்தாள். பம்ப் பக்கம் திரும்பிப் போக வழியில்லை. அப்போதும் முள் இறங்கியது. அப்படியானால் முன்னால், இன்ஜின் பக்கம்தான் எங்கேயோ ஒழுகுகிறது.

இரண்டு பேரும் சேர்ந்து, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் அவை மாட்டியிருந்த குழாயோடு தூக்கி, அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்தார்கள். லேப்டாப் தீயணைப்பானைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவளிடம் கற்றதில் அந்த ஒன்றையாவது அவன் மறக்கவில்லை. இன்ஜினைச் சுற்ற விடாமல் பம்பை மட்டும் ஓட விட்டாள். இன்ஜெக்டர் கணினி சொன்னால்தான் திறக்க வேண்டும். சொல்லாதபோது வாயை இறுக மூடியிருக்க வேண்டும். இங்கே நாலின் வாயிலும் ஈரம். இரண்டாவதும் மூன்றாவதும் சொட்டவே ஆரம்பித்துவிட்டன. காகிதத்தில் வட்டம் வட்டமாகப் பரவியது.

வண்டியை அணைத்த பிறகும் இப்படித்தான் ஒழுகியிருக்கிறது. சூட்டில் ஆவியாகி உள்ளே நிரம்பியிருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் ஆகு என்றால் எப்படி ஆகும்? தண்ணீரில் மூழ்கியவனை எழுந்து ஓடச் சொன்ன கதைதான். அந்தப் பயத்தில் அவர் தூரம் போவதை நிறுத்தினார். தூரம் போகாததால் கரி எரியவில்லை. ஒழுகலும் குட்டிப் பயணமும் ஒன்றாகச் சேர்ந்து பிளக்கை மூடின. பிளக் பொய் சொல்லவில்லை. அது பாதியைத்தான் சொன்னது, மீதியை அவள் தன் வயிற்றெரிச்சலிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

இன்னொன்றும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் கழற்றிய ஒவ்வொரு தடவையும் நடுவிலிருந்த இரண்டு பிளக்தான் கூடுதல் கருப்பு. ஓட்டுகிற விதத்தால் வருகிற கரி நாலிலும் ஒன்றுபோலத்தான் படியும். இரண்டில் மட்டும் கூடினால் அந்த இரண்டு இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தன் வண்டியில் கண்ணெதிரே இருந்தது, கண்ணில் படவில்லை.

"புது செட் வரவழைக்கட்டுமா அக்கா?" லேப்டாப் மெதுவாகக் கேட்டான்.

"வரவழை. ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். பிளக் நான் கொண்டு வர்றேன், என் பிளக்."

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. கேஜின் முள் ஏறிய இடத்தில் நின்றது. அவள் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேதான் நின்றது. நாலு பச்சைப் பொட்டும் உள்ளே போயின. கிளிப்பின் திருகு மேலே வந்தது.

நீலக் கார் ஸ்டேஷனில் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துத் திகைத்தார். அப்புறம் எதிரே லேப்டாப் கடையைப் பார்த்தார். அங்கே கார் நின்றது. காருக்குப் பக்கத்தில் இன்ஜினக்கா நின்றாள்.

கண்ணாடிக்காரி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், யாரு அது?" என்றாள்.

"என் வீட்டம்மா" என்றார் அவர், திருடன் போலீஸைக் காட்டுவது போல.

"அட, அவங்களா! தினமும் அவங்க கதைதானே சொல்வீங்க!" என்று சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனாள். இன்ஜினக்காவும் வேறு வழியில்லாமல் கையாட்டினாள். கண்ணாடிக்காரி கிளட்சை விட்ட விதத்தை இவள் கவனித்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் சாலையைக் கடந்து வந்தார். பிஸ்கட் வாசனை முதலில் வந்தது, அவர் அப்புறம் வந்தார்.

"நீ எப்படி இங்க..."

"இவன்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லலை." அவள் லேப்டாப்பைக் காட்டினாள். "ஊர்ல இருக்கறவன் வண்டியெல்லாம் நான் பார்க்கறேன். என் வீட்டு வண்டியை இவன் பார்க்கறான். வெளில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நீ பார்த்த வண்டியில குறை சொன்னா உன்னையே குறை சொன்ன மாதிரி எடுத்துக்குவே. போன தடவை ஏசி சரியா வரலைன்னு ஒரு வார்த்தை சொன்னேன், ஞாபகம் இருக்கா? எத்தனை நாள் பேசாம இருந்தே? இவன்கிட்ட வண்டி சரியில்லைன்னா வண்டி மட்டும்தான் சரியில்லை. வீட்டுக்குப் போனா சோறு கிடைக்கும்."

லேப்டாப் திடீரென்று மும்முரமாகி, சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

இன்ஜினக்கா போனட்டை இறக்கி மூடினாள். ஏசி விஷயம் உண்மை. அதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடி விஷயமும் உண்மை. அந்த மனுஷன் பயந்தது லாரிக்காரனின் ஹாரனுக்கு அல்ல, அவள் கோபத்துக்குத்தான் என்று இப்போது புரிந்தது.

அவள் உள்ளே போனாள். அங்கே ஸ்டூல் இல்லை, ஏசி அறையின் பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. இழுத்துவந்து டைல்ஸ் தரையில் போட்டாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"சொல்லுங்க. வண்டி என்ன பண்ணுது? எப்ப பண்ணுது?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறாளா, வலை விரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாகத் தொடங்கினார். பெட்ரோல் பங்கில் நின்றதைச் சொன்னார். தள்ளியவர்கள் சொன்ன கேலியைச் சொன்னார். காருக்குள் பெட்ரோல் நெடி வந்ததையும், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியதையும் சொன்னார். தெரிந்த கதைதான். ஆனாலும் அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முழுசும் கேட்டாள். அவர் முடித்ததும், பழக்கத்தில் வாயில் வந்தது.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"வேற?"

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "கோவப்படக் கூடாது."

"படலை. சொல்லுங்க."

"பிரேக் போட்டா வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது."

போன மாதம்தான் அந்த பிரேக்கை அவள் பிரித்துப் புதிதாக மாற்றினாள். அவள் கையாலேயே போட்டது. காதுவரை சூடேறியது. லேப்டாப் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"நீ மாத்தின அன்னிலேர்ந்தே."

அவள் தலையாட்டினாள். அப்புறம் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதை இவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

இன்ஜினக்காவுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சட்டென்று திரும்பி, அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி, பின்சீட்டில் வைத்தாள்.

"எழுந்திரிங்க. ஹைவே வரைக்கும் போய்ட்டு வரலாம். எந்த இடத்துல இழுக்குதுன்னு எனக்கு மட்டும் காட்டுங்க."